நீச்சலுக்குப் பிறகு வலது காது அடைப்பு: உள்ளே இருப்பது தண்ணீரா, குறும்பியா?

மடிப்பாக்கம் ராகவ்:
வேளச்சேரியில் நீச்சல் குளத்துக்குப் போகிறேன். ஞாயிறு காலை நீந்திவிட்டு வெளியே வந்தபோது காதில் எந்தத் தொந்தரவும் இல்லை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்த பிறகு வலது காதில் ஈரம் இருப்பதுபோல் தோன்ற, பட்ஸ் போட்டுத் துடைத்தேன். மதியத்துக்குள் காது அடைத்துக்கொண்டது. போனை அந்தக் காதில் வைத்தால், பேசுகிறவர் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கிறது. என் குரல் மட்டும் தலைக்குள் முழங்குகிறது. தலையைச் சாய்த்துக் குதித்தும் பார்த்தாயிற்று, ஒரு சொட்டுகூட வரவில்லை. வலி இல்லை, லேசாக அரிக்கிறது. இன்று செவ்வாய். தானாகச் சரியாகுமா, இல்லை டாக்டரிடம் போக வேண்டுமா?

செல்வி அக்கா:
தம்பி, இது குறும்பிதான். தேங்காய் எண்ணெயில் ரெண்டு பூண்டுப் பல்லைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக நாலு சொட்டு விடுங்கள். ராத்திரி ஊறினால் காலையில் இளகி வந்துவிடும். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து இதுதான்.

பறக்கும் பாலா:
எனக்கும் இதேதான்! டெல்லியிலிருந்து வந்து மீனம்பாக்கத்தில் இறங்கியதும் ரெண்டு காதும் அடைப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி ஊதினேன், டப்பென்று திறந்துவிட்டது. செய்து பாருங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
ஈ.என்.டி. ஓ.பி.யில் நிறைய வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். பாலா சார், உங்களுக்கு அடைத்தது ஜவ்வுக்கு உள்பக்கம், மூக்கோடு இணைந்த குழாயில். ராகவ் தம்பிக்கு அடைத்திருப்பது ஜவ்வுக்கு வெளிப்பக்கம் என்று தோன்றுகிறது. மூக்கைப் பிடித்து ஊதினால் அதற்குப் பலன் இருக்காது.

தம்பி, வெறும் தண்ணீர் என்றால் தலையை அசைக்கும்போது உள்ளே களகளவென்று நகரும், அடைப்பு வந்து வந்து போகும், பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். உங்களுக்கு நேர்மாறாக, வெளியே வந்தபோது நன்றாக இருந்து, பிறகு அடைத்து, அப்படியே நிற்கிறது. குறும்பி தண்ணீரை உறிஞ்சி உப்பினால் இப்படித்தான் ஆகும். காதுக் குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான், நடுவில் ஓரிடத்தில் குறுகும். பட்ஸ் குறும்பியை அந்த இடுக்கைத் தாண்டித் தள்ளிவிட்டால் அது தானாக வெளியே வருவது கஷ்டம்.

எண்ணெய் விடுவதற்கு முன் நான்கு விஷயம் சொல்லுங்கள். காதுத் துளைக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் குருத்தெலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகினால் சத்தம் எந்தக் காதில் பெரிதாகக் கேட்கிறது? தலைசுற்றல் உண்டா? அந்தக் காதில் எப்போதாவது சீழ் வடிந்திருக்கிறதா? சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம் ராகவ்:
அழுத்தினால் லேசான வலி, தாங்கக்கூடியதுதான். முனகினால் வலது காதில்தான் பெரிதாகக் கேட்கிறது. தலைசுற்றல், சர்க்கரை இரண்டும் இல்லை. ஆனால் சின்ன வயதில் வலது காதில் சீழ் வடிந்து வைத்தியம் பார்த்ததாக அம்மா சொல்கிறார்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
முனகல் அடைத்த காதில் பெரிதாகக் கேட்டால், சத்தம் போகும் வழியில்தான் அடைப்பு, நரம்பில் இல்லை என்று நினைக்கலாம். வீட்டில் செய்யும் சோதனைதான், முழுதாக நம்பிவிடக் கூடாது.

சீழ் வடிந்த கதைதான் முக்கியம். ஜவ்வில் பழைய ஓட்டை ஆறாமல் இருந்தால் சொட்டு மருந்தோ எண்ணெயோ நேராக நடுக்காதுக்குள் போகும். அதனால் எதையும் விடாமல் நாளைக்கே காட்டுங்கள். செல்வி, எண்ணெய் குறும்பியை இளக்கும் என்பது சரி. ஆனால் பூண்டு காதுத் தோலைப் புண்ணாக்கும். சூடு கொஞ்சம் கூடிப்போய் உள்ளே வெந்த காதுகளை நான் பார்த்திருக்கிறேன். அரிப்பு வேறு இருக்கிறது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஈரக் காதில் பூஞ்சை சுலபமாக வரும். எண்ணெய் விட்டால் அதற்கு இன்னும் வசதி.

கொளத்தூர் மணி:
முனகினால் நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் என்ன அர்த்தம்? என் சித்தப்பாவுக்கு ஒரு நாள் காலையில் எழுந்ததும் ஒரு காது அடைப்பு. குளித்த தண்ணீர் என்று எல்லோரும் சொன்னார்கள். மருந்துக்கடையில் குறும்பிக்குச் சொட்டு வாங்கி வாரக்கணக்கில் விட்டார். கடைசியில் நரம்புப் பிரச்சினை என்றார்கள். அந்தக் காது இன்றுவரை சரியாகவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
மணி, அதற்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒரு காது திடீரென்று மந்தமாகி, முனகல் நல்ல காதுக்குப் போனால், அதுவும் இரைச்சலோ தலைசுற்றலோ சேர்ந்தால், அன்றைக்கே ஈ.என்.டி.யிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாளில் தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் தாண்டினால் மிகவும் குறைந்துவிடும். செலவைப் பார்க்க வேண்டிய நிலை என்றால் சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் காலை ஓ.பி. இருக்கிறது. சித்தப்பாவுக்கு இனி கேட்கும் கருவி பொருந்துமா என்று ஒருமுறை ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள்.

மடிப்பாக்கம் ராகவ்:
போய் வந்தேன். டாக்டர் மெல்லிய எண்டோஸ்கோப் வைத்து, திரையில் எனக்கும் காட்டினார். ஈரமான கருப்பட்டி நிறத்தில் ஒரு கட்டி, அதில் பட்ஸின் பஞ்சு இழை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஜவ்வு தெரியாத அளவுக்கு அடைத்திருந்ததால், பழைய சீழ்க் கதையைச் சொன்னதும் தண்ணீர் பீய்ச்ச மாட்டேன் என்றார். சின்ன சக்‌ஷன் குழாயால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினார். காதுக்குள் ரயில் போகும் சத்தம், நடுவில் ஒரு நொடி தலை சுற்றியது. கட்டி வந்ததும் மின்விசிறிச் சத்தமே பெரிதாகக் கேட்டது.

ஜவ்வில் ஓட்டை இல்லை, ஆறிய வெள்ளைத் தழும்பு மட்டும் இருக்கிறது என்றார். ஆனால் குழாய்ச் சுவர் சிவந்து, ஓரிடத்தில் வெள்ளைப் படலம் இருந்தது. பட்ஸ் கீறியதா, பூஞ்சை தொடங்குகிறதா என்று இப்போதே சொல்ல முடியாதாம். சொட்டு மருந்து கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார். அதுவரை காதில் தண்ணீர் படக் கூடாது. அரிப்பு இன்னும் இருக்கிறது.

செல்வி அக்கா:
நல்லவேளை தம்பி. ஆனாலும் ஓட்டை இல்லாதவர்களுக்கு வெறும் எண்ணெய் விட்டால் தப்பில்லை என்றுதான் நான் இப்பவும் சொல்வேன்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
ஓட்டையும் இல்லை, புண்ணும் இல்லை என்று ஒருமுறை பார்த்து உறுதியான காதுக்குச் சரி, பூண்டு இல்லாமல், சூடாக்காமல். ராகவ், குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லைன் தடவிக் காதின் வாசலில் மட்டும் வையுங்கள், உள்ளே திணிக்க வேண்டாம். அரிப்பு வலியாக மாறினாலோ, நீர் வடிந்தாலோ அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

மடிப்பாக்கம் ராகவ்:
சரிங்க மேடம். சரியானதும் நீந்தும்போது சிலிக்கான் அடைப்பான் போடலாமா? அதுவே குறும்பியை உள்ளே தள்ளும் என்று குளத்தில் ஒருவர் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
நீளமாக உள்ளே போகும் ரகம் தள்ளக்கூடும். காதின் வாசலில் பிசைந்து ஒட்டும் மெழுகு மாதிரி ரகம் பரவாயில்லை. உங்கள் காதுக்கு எது ஒத்துவரும் என்று அடுத்த வாரம் காட்டும்போது அவரிடமே கேளுங்கள். சிவப்பு அடங்கிய பிறகுதான் எதுவானாலும்.