புற ஊதா ‘டோஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

மலர்விழி:
வணக்கம். குடிநீரைப் புற ஊதாக் கதிரால் கிருமிநீக்கம் செய்வது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘டோஸ்’ என்ற இடத்தில் சிக்கிக்கொண்டேன். ‘மருந்தளவு’ என்று குளோரின் பகுதியில் ஏற்கெனவே எழுதிவிட்டேன். இங்கேயும் அதையே போட்டால் தண்ணீரில் ஏதோ கலக்கிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘விளக்குத் திறன்’ சரிவருமா?

முருகேசன்:
தாராளமாகப் போடுங்கள். வாட் கூடினால் கதிர் கூடும், கிருமி சாகும். இதற்கெல்லாம் புதுச் சொல் எதற்கு?

சுந்தரம்:
முருகேசன் ஐயா, வாட் கூடினால் கதிர் கூடும் என்பது வரை சரி. ஆனால் டோஸ் விளக்கில் இருப்பதில்லை, தண்ணீர் வாங்கிக்கொள்வது அது. கதிரின் வலிமையை, தண்ணீர் அதன் முன் நிற்கும் நேரத்தால் பெருக்க வேண்டும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிவாட் வலிமை, தண்ணீர் கடந்துபோக 10 விநாடி. அப்போது 60 மில்லிஜூல் கிடைக்கிறது. குடிநீருக்குப் பரவலாகக் கேட்கப்படும் அளவு 40. அதே கருவியில் குழாயை முழுதாகத் திறந்து, நேரம் 5 விநாடியானால் 30தான். விளக்கின் வாட் மாறவே இல்லை, பாருங்கள். அதனால் ‘கதிரேற்பு’ என்கிறேன். ஏற்பது தண்ணீர்.

ரேவதி:
கேள்வி கேட்கலாமா? எங்கள் வீட்டுக் கருவியில் விளக்கு நன்றாக நீலமாக எரிகிறது. சர்வீஸ் ஆள் ‘வருஷம் ஆச்சு, மாத்தணும்’ என்கிறார். எரிகிற விளக்கை ஏன் மாற்ற வேண்டும்? ஏமாற்றுகிறாரோ?

சுந்தரம்:
சொல்லைக் கேட்கும் இடத்தில் விளக்கைக் கேட்கிறீர்கள், பரவாயில்லை அம்மா, சம்பந்தம் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் நீலம் வேறு, கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் வேறு. அது கண்ணுக்குத் தெரியாது. பாதரச விளக்கின் குழாய் நாளாக ஆக உள்ளே கருத்து, அந்தக் கதிரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். நீலம் மட்டும் குறையாததுபோல் எரியும். விளக்கைத் திறந்து பார்த்துச் சோதிக்காதீர்கள், கண்ணைக் கெடுக்கும்.

பொதுவாக 9000 மணி நேரம் என்பார்கள். இரவுபகல் எரிந்தால் 375 நாள், அதாவது ஒரு வருடம் சொச்சம். உங்களுடையது தண்ணீர் பிடிக்கும்போது மட்டும் எரிகிறதா? அப்படியானால் நாள்காட்டியைவிட, எரிந்த மணிதான் கணக்கு. ஆனால் அடிக்கடி அணைத்து ஏற்றுவதும் விளக்கின் ஆயுளைக் குறைக்கும். ஆகவே அவர் ஏமாற்றுகிறார் என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

மேலே சொன்ன 60ஐயே எடுங்கள். விளக்கு முக்கால் பங்காகக் குறைந்தால் 45. மேலுறையாக இருக்கும் குவார்ட்ஸ் குழாயில் உப்புப் படிந்து ஐந்தில் ஒரு பங்கை மறைத்தால் 36. அவ்வளவுதான், 40க்குக் கீழே போய்விட்டது. இதற்கு ‘விளக்கு மூப்பு’ என்று சொல்லலாமா?

முருகேசன்:
மூப்பு மனிதருக்கு. ‘ஒளித்தேய்வு’ என்று வையுங்கள். கதிரேற்பை ஒப்புக்கொள்கிறேன்.

மலர்விழி:
ஒளி தேயவில்லையே ஐயா, நீலம் அப்படியே இருக்கிறது என்பதுதானே சிக்கல்! அதை அப்புறம் பார்ப்போம். கையேட்டில் இன்னொரு வரி: கலங்கல் நீரில் கதிரேற்பு குறையும். இதற்கு ‘கலங்கல்’ என்ற ஒரு சொல் போதுமா?

சுந்தரம்:
போதாது. வடிகட்டிய கறுப்புத் தேநீர் ஒரு டம்ளர், செம்மண் கரைத்த நீர் ஒரு டம்ளர் வையுங்கள். தேநீர் கலங்கவில்லை, ஆனாலும் கதிரை விழுங்கிவிடும். கரைந்த இரும்பும் இலைதழைச் சாறும் இப்படித்தான், சில சமயம் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். ஒரு சென்டிமீட்டர் நீரில் 95 விழுக்காடு ஊடுருவினால், மூன்று சென்டிமீட்டர் தாண்டி 86 மிஞ்சும். 80 விழுக்காடு மட்டும் ஊடுருவினால் அதே தூரத்தில் 51தான். இதை ‘ஊடுருவு விழுக்காடு’ எனலாம்.

செம்மண் நீரின் கதை வேறு. மண்துகள் கதிரைச் சிதறடிக்கும், அதன் மடிப்புக்குள் ஒட்டிய பாக்டீரியாவுக்கு நிழலும் தரும். தேநீர் மாதிரி நீருக்குப் பெரிய விளக்கோ மெதுவான ஓட்டமோ ஓரளவு ஈடுகட்டும். நிழலில் இருக்கும் கிருமிக்கு எத்தனை வாட் போட்டாலும் பெரிய பயனில்லை, முதலில் வடிகட்டத்தான் வேண்டும். கலங்கலை அளக்கும் என்டியூ அலகில் அதை 1க்குள் வைக்கச் சொல்வது அதனால்தான்.

ரேவதி:
எங்கள் போர் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், குடத்தில் வைத்தால் சிவப்பாகிறது. அப்போ அது தேநீரா, செம்மண்ணா?

சுந்தரம்:
கருவிக்குள் நுழையும்போது தேநீர், குடத்தில் செம்மண்! இரும்புதான். குவார்ட்ஸ் குழாயிலும் அது படிந்திருக்கும். அடுத்த முறை அந்த ஆள் வரும்போது விளக்கை மட்டுமல்ல, அந்தக் குழாயையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

மலர்விழி:
கதிரேற்பு, ஊடுருவு விழுக்காடு இரண்டையும் எடுத்துக்கொண்டேன். கிருமி துகளுக்குள் ஒளிவதற்கு ‘துகள்மறைப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘துகள்நிழல்’ நன்றாக இருக்குமோ? மூப்பா தேய்வா என்பதும் நிற்கிறது.