ஒப்பிக்காமல் பேசுவது எப்படி? சேர்க்கை நேர்காணல் அனுபவங்கள்

தேன்சிட்டு

அக்கா மகளுக்கு அடுத்த மாதம் கல்லூரிச் சேர்க்கை நேர்காணல். அதற்கு முன் குழு விவாதமும் உண்டு. புள்ளியியலுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். “ஏன் இந்தப் படிப்பு?” என்ற கேள்விக்கு ஒரு பக்கம் எழுதி வைத்து, ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறாள். நடுவில் நான் ஏதாவது கேட்டால் தடுமாறி மறுபடி முதல் வரிக்கே போய்விடுகிறாள். நேர்காணலுக்குப் போய் வந்தவர்கள், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

சாக்பீஸ்

பல வருடம் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கவனித்த அந்த அறிகுறியைத்தான் நாங்களும் பார்ப்போம். ஒருவர் பதிலை மனப்பாடம் செய்திருக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால் பாதி வாக்கியத்தில் குறுக்கிட்டாலே போதும். யோசித்துப் பேசுகிறவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்கு வருவார், அல்லது வராமலே போவார். ஒப்பிக்கிறவர் வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்புவார்.

பெரும்பாலான பிள்ளைகள் “சின்ன வயதிலிருந்தே கணக்கு பிடிக்கும்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் உடனே “அப்படியென்றால் கணிதமே எடுக்கலாமே, ஏன் புள்ளியியல்?” என்று கேட்பேன். பலருக்கு அங்கேயே பேச்சு நின்றுவிடும். காரணம் பதற்றம் மட்டுமில்லை. அந்தப் பதிலில் புள்ளியியலைப் பற்றி எதுவுமே இல்லை.

ஒரு மாணவி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. அவளுடைய பள்ளியில் இரண்டு பிரிவுகளுக்கும் ஒரு தேர்வில் சராசரி 60. இரண்டும் சமம் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அவள் மதிப்பெண்களைப் பார்த்தால், ஒரு பிரிவில் எல்லோரும் 55க்கும் 65க்கும் நடுவில். இன்னொன்றில் பாதிப் பேர் 30ஐ ஒட்டி, பாதிப் பேர் 90ஐ ஒட்டி. “ஒரே எண் இரண்டு வேறு வகுப்புகளை மறைத்துவிட்டது, அதிலிருந்துதான் ஆர்வம்” என்றாள். சரி, சராசரியை விட்டுவிட்டு வேறு எதைப் பார்ப்பாய் என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்து, “மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பார்ப்பேன். ஆனால் அதையும் ஒரே எண்ணாகச் சொன்னால், இரண்டு கூட்டமாகப் பிரிந்திருப்பது தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது” என்றாள். அந்தச் சந்தேகம் சரியானது. அதற்கு மேல் நாங்கள் கேட்டதெல்லாம் அவளோடு பேசும் ஆசையில்தான்.

ஆகவே அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். தன் வாழ்க்கையில் உண்மையாக நடந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு மூன்று குறிப்புச் சொற்கள் மட்டும் எழுதட்டும். ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியங்களில் சொல்ல வேண்டும். நீங்கள் எதிரே உட்கார்ந்து “எதை வைத்துச் சொல்கிறாய்?”, “வேறு காரணம் இருக்காதா?”, “எப்போது இது பொருந்தாது?” என்று நடுவில் கேளுங்கள். முதலில் பேச்சு முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

முதல்மணி

குழு விவாதத்தைப் பொறுத்தவரை என் அனுபவம் சுருக்கமானது. முதலில் வாயைத் திறப்பவருக்குத்தான் மதிப்பெண். தலைப்பைச் சொன்னதுமே நான் ஆரம்பித்துவிட்டேன், இடம் கிடைத்தது. அதிக நேரம் பேசினால் இன்னும் நல்லது.

சாக்பீஸ்

முதலில் பேசினால் கவனத்தில் பதிவீர்கள், அது உண்மை. ஆனால் கேள்வியை ஒழுங்குபடுத்திக் கொடுத்தால்தான் அதில் லாபம். தலைப்பையே திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்தினால், பேச விஷயமில்லாமல் முந்திக்கொண்டார் என்றும் அதே கவனத்தோடு பதியும். அதிக நேரம் என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்துப் பேருக்குப் பதினைந்து நிமிடம் என்றால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்தான் பங்கு. அரை அரை நிமிடமாக மூன்று முறை, அதுவும் முன்னால் பேசியவரின் கருத்தைத் தொட்டுப் பேசினால் தாராளம்.

கடைசிபெஞ்ச்

எங்கள் குழுவுக்கு வந்த தலைப்பு ‘கல்லூரியில் வருகைப்பதிவு கட்டாயமாக இருக்க வேண்டுமா’. ஒருவர் “தினமும் வகுப்புக்கு வருகிறவர்கள்தான் அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள், அதனால் கட்டாயமாக்க வேண்டும்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எதிர்த்தவர்களோ சுதந்திரம், உரிமை என்று வேறு பக்கம் போய்விட்டார்கள். அந்த வாதத்தை யாரும் தொடவே இல்லை.

பக்கத்தில் இருந்த ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்: “வருகிறவர்கள் அதிகம் எடுக்கிறார்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் வந்ததால் எடுத்தார்களா, படிக்கும் ஆர்வம் உள்ளவர்களே வருகிறார்களா? இரண்டாவது என்றால், கட்டாயப்படுத்தி உட்கார வைப்பவருக்கு மதிப்பெண் ஏறாது.” இன்னொருவர் “அதை எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று மடக்கினார். அவள், “கட்டாயமாக்கியதற்கு முந்தைய வருடத்தையும் பிந்தைய வருடத்தையும் ஒப்பிடலாம். ஆனால் வினாத்தாள் சுலபமாகியிருந்தால் அந்த ஒப்பீடும் ஏமாற்றும்” என்றாள். அவள் பேசியது மொத்தமே ஒரு நிமிடம் இருக்கும். அதற்கப்புறம் விவாதம் முழுக்க அவள் போட்ட கேள்வியைச் சுற்றித்தான் போனது.

பிறகு நானும் நண்பர்களும் வீட்டில் பயிற்சி எடுத்தபோது ஒரு விதி வைத்தோம். எதிர்க்கும் முன் மற்றவர் சொன்னதை ஒரே வரியில் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் “ஆமாம், அதைத்தான் சொன்னேன்” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் பேசும் முறை போய்விடும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. யாரும் யாரையும் கேட்பதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மெல்லப்பேசி

எனக்குத் திக்குவாய். மனப்பாடம் செய்த வரியில் ஒரு சொல் சிக்கினால் அதோடு முழுவதும் போய்விடும். குறிப்புச் சொற்களை வைத்துப் பேசும்போது அவ்வளவு மோசமில்லை. என் சந்தேகம் வேறு. இதை ஆரம்பத்திலேயே குழுவிடம் சொல்லிவிடுவதா? சாக்பீஸ் சார், நீங்கள் எதை விரும்புவீர்கள்?

சாக்பீஸ்

நான் சொல்லிவிடுவதையே விரும்புவேன். “சில சொற்களுக்கு எனக்கு நேரம் எடுக்கும்” என்ற ஒரு வரி போதும். அப்புறம் நீங்கள் நிறுத்தும்போது, பதில் தெரியாமல் நிற்கிறீர்கள் என்று யாரும் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குத் தாவ மாட்டார்கள். என்னோடு உட்கார்ந்த சிலர், சொல்லாமல் இருந்தால் பேச்சின் விஷயத்தை மட்டும் கேட்டிருப்போம் என்பார்கள். குழு விவாதத்தில் இன்னும் சிக்கல், அங்கே இடைவெளி விட்டால் மற்றவர்கள் புகுந்துவிடுவார்கள்.

கடைசிபெஞ்ச்

விவாதத்தின் நடுவில் கருத்தை மாற்றிக்கொள்ளலாமா என்பதற்கும் எனக்கு விடை கிடைக்கவில்லை. எங்கள் குழுவில் ஒருவர் “நீங்கள் சொன்னதைக் கேட்டபின் என் நிலை மாறிவிட்டது” என்று காரணத்தோடு சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. அவர் தேர்வாகவில்லை. அதனால்தானா, வேறு எதனாலா, யாருக்குத் தெரியும்?

முதல்மணி

அதனால்தான் சொல்கிறேன், எடுத்த நிலையை விடவே கூடாது.

தேன்சிட்டு

ஒரே ஒருவரை வைத்து அப்படி முடிவு கட்டலாமா? போகட்டும். நேற்று அந்தப் பக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். குறிப்பை வைத்துப் பேசச் சொல்லி அலைபேசியில் பதிவு செய்தோம். “வந்து” என்ற சொல்தான் அதிகம் கேட்கிறது, அவளே காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் நடுவில் கேள்வி கேட்டபோது முதல் வரிக்குப் போகவில்லை. இந்த “வந்து”வைக் குறைக்க ஏதாவது வழி இருக்கிறதா?

சாக்பீஸ்

குறைக்கச் சொன்னால் அதையே நினைத்துக்கொண்டு இன்னும் தடுமாறுவாள். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு விடச் சொல்லுங்கள். அவளுக்கு நீண்ட மௌனமாகத் தோன்றும். பதிவைக் கேட்டால் ஒரு நொடிகூட இருக்காது.