வீட்டைக் காலி செய்கிறோம்: சாமான்கள் எடுத்துக்கொள்ள உதவுங்கள்

வணக்கம். மாதக் கடைசியில் ஊருக்குத் திரும்புகிறோம். உட்லண்ட்ஸ் வீட்டில் இருக்கும் சாமான்களை நல்ல கைகளில் கொடுத்துவிட ஆசை.

குளிர்பதனப் பெட்டி 120 வெள்ளி. அகலம் 60 செ.மீ., உங்கள் சமையலறை இடத்தை அளந்துவிட்டுக் கேளுங்கள். கதவோரக் கீறலையும் ரப்பர் விளிம்பையும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்திருக்கிறேன். நிமிர்த்தியே ஏற்றுங்கள், படுக்க வைத்தால் கம்ப்ரசருக்கு ஆகாது. மாவு கிரைண்டர் 60 வெள்ளி. கல் தேயவில்லை, ஓடுவதைக் காணொளியில் பாருங்கள். மெத்தை இலவசம்.

சனி, ஞாயிறு காலை 10 முதல் 1 வரை வரலாம். வரும் நேரத்தோடு முதலில் எழுதுபவருக்கே பொருள். அந்த நேரம் தாண்டி அரை மணி காத்திருப்பேன், பிறகு அடுத்தவருக்கு. ஓட்டிப் பார்த்தபின் பேநவ் செய்தால் போதும்.

புதிதாகக் குடிவந்தவர்கள் தெரிந்தால் சொல்லுங்கள். வேன் வைத்திருப்பவர் எண்ணும் வேண்டும்.