மே மாத விற்பனைக்கும் வற் கணக்குக்கும் 328,000 ரூபா வித்தியாசம்

உவர்மலை:
திருகோணமலை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் மொத்தக் கடை. ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்கான வற் விபரத்திரட்டு அனுப்புவதற்கு முன் ஒருதரம் பார்த்துத் தரச் சொன்னார்கள். ஏப்ரலும் ஜூனும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போயின. மே மாதம் மட்டும் விற்பனைப் பதிவேட்டில் வரி சேராமல் 6,420,000. விபரத்திரட்டுக்கென்று தயாரித்த பட்டியலில் 6,092,000. 328,000 குறைவு, அதற்கான வரி 59,040.

கடைத் தம்பி முதலில் 328,000-க்கு ஒரு பில் தேடினார். அப்படி ஒன்றும் இல்லை. அதனால் தொகையை விட்டுவிட்டு, பில் இலக்கத்தை வைத்து இரண்டு பட்டியலையும் பொருத்தினேன். இலக்கம் A நிரலில், வரி சேராத தொகை D நிரலில். பதிவேட்டுத் தாளில் இதைப் போட்டுக் கடைசிவரை இழுத்தேன்:

```
=SUMIF(Return!A:A,A2,Return!D:D)-D2
```

சைபர் வராத வரிகள் இரண்டே இரண்டு.

ஒன்றில் -310,000. தம்பலகாமத்துக்குப் போன சீமெந்து, கம்பி பில். பதிவேட்டில் மே 9 என்று சரியாக இருக்கிறது, பட்டியலில் ஆளே இல்லை. மென்பொருளிலிருந்து இறக்கிய முழுக் கோப்பைத் திகதிப்படி அடுக்கினால், அந்தப் பில் கடைசியில், செப்டெம்பர் 5-இல் நிற்கிறது! நாங்கள் இருப்பதோ ஜூலையில். புதிதாக வாங்கிய லாப்டொப்பில் திகதி அமைப்பு மாதம் முதலில் வருகிற மாதிரி இருந்திருக்கிறது. அதில் அடித்த 09/05 செப்டெம்பராகிவிட்டது. மே மாதத்தை வடிகட்டி எடுத்தபோது பில் வெளியே போய்விட்டது.

மற்றதில் -18,000. உடைந்த டைல்ஸ் திரும்பி வந்ததற்குக் கொடுத்த கிரெடிட் நோட். வரியோடு 118,000, வரி சேராமல் 100,000. பதிவேட்டில் 100,000 கழித்திருக்கிறார்கள், பட்டியலில் மொத்தம் 118,000-ஐயும் கழித்திருக்கிறார்கள்.

கிண்ணியா கடை:
அண்ணன், வித்தியாசத்தை 18-ஆல் வகுத்துப் பார்த்தால் போதுமே? மீதி வராவிட்டால் வரி சேர்த்த தொகையும் சேராத தொகையும் மாறிப்போயிருக்கிறது என்று அர்த்தம். நான் எப்போதும் அப்படித்தான் பிடிக்கிறேன்.

உவர்மலை:
ஒரே ஒரு பிழை இருந்தால் அது உதவும் தம்பி. இங்கே 328,000-ஐ 18-ஆல் வகுத்தால் மீதி வருகிறது, அதை நம்பியிருந்தால் கிரெடிட் நோட்டைப் பார்த்தே இருக்க மாட்டோம். முதலில் ஒவ்வொரு பில்லுக்கும் வித்தியாசத்தைப் பிரித்து எடுங்கள். அப்புறம் அந்தத் தனித் தொகையில் உங்கள் 18-ஐப் போட்டுப் பாருங்கள்.

நிலாவெளி ஹோட்டல்:
எங்களுக்கும் மாதாமாதம் ஒத்துவராது. ஆனால் திகதிப் பிழை இல்லை. அறைக்கு அட்வான்ஸ் இந்த மாதம் வரும், விருந்தாளி அடுத்த மாதம் போகும்போதுதான் பில் அடிப்போம், பதிவேட்டிலும் அப்போதுதான் ஏறும். ஆள் வந்து தங்கிய பிறகுதானே வரி?

உவர்மலை:
இல்லை. பில்லுக்கு முன்னாலேயே காசு வந்தால், வந்த அளவுக்கு வரியும் அந்த மாதத்திலேயே வந்துவிடும். அட்வான்ஸ்களுக்குத் தனிப் பட்டியல் வைத்து, பில் அடிக்கும்போது அதே இலக்கத்தோடு கழித்துக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் வித்தியாசம் என்றைக்கும் தீராது.

நிலாவெளி ஹோட்டல்:
சரி. ஆள் வராமலே போய், அட்வான்ஸை நாங்கள் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால்? அதற்கு எங்கள் கணக்காய்வாளர் ஒன்று சொல்கிறார், முதலாளி ஒன்று சொல்கிறார்.

சீனன்குடா அக்கா:
அண்ணா, அந்த லாப்டொப்பில் அடித்த பில் அது ஒன்றுதானா? 12-ஆம் திகதிக்குப் பிறகு உள்ளவை மாற வழியில்லை, அப்படி ஒரு மாதம் கிடையாதே. 12-ஆம் திகதி வரை அடித்தவைதான் புரளும். எங்களிடம் ஜூன் 4-ஆம் திகதி பில் ஏப்ரல் 6-க்குப் போய் உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே காலாண்டு என்பதால் கூட்டுத்தொகை அழகாக ஒத்து நின்றது. மாதம் மாதமாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஏப்ரல் கூடவும் ஜூன் குறைவாகவும் இருந்தது தெரிந்தது. காலாண்டு மொத்தத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது.

உவர்மலை:
நல்ல கேள்வி அக்கா. அந்த லாப்டொப்பில் அடித்தவை நான்கு பில்கள்தான். மற்ற மூன்றும் 12-க்குப் பிந்திய திகதிகள், எழுத்தாகவே நின்றுவிட்டன, கையால் திருத்திச் சேர்த்திருக்கிறார்கள். அதனால்தான் இது மட்டும் தப்பியது.

கிண்ணியா கடை:
விபரத்திரட்டு இன்னும் போகவில்லை, ஜூலை முடிவு வரை நேரம் இருக்கிறது. ஆனால் மே மாத வரியை ஜூன் 20-க்கே கட்டியிருப்பார்களே? அந்த 59,040?

உவர்மலை:
குறைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். விபரத்திரட்டில் சரியான தொகையைப் போட்டு, குறைந்ததை இப்போதே கட்டச் சொல்லிவிட்டேன். பிந்தியதற்கு எவ்வளவு கேட்பார்கள் என்பது அறிவித்தல் வந்தால்தான் தெரியும். கடிதம் வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.