கனவு யோகம் பழகுபவர்கள்: மறக்க முடியாத ஒரு இரவு

மலைப்பாதை:
கர்நாடகத்துப் பைலகுப்பேயில் ஒரு திபெத்திய லாமாவிடம் கனவு யோகத்தைக் கேட்டுவந்து பழகினேன். பகல் முழுக்க "இதுவும் கனவு" என்று நினைவூட்டிக்கொள்வது, இரவில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துத் தொண்டையில் செந்தாமரையை நினைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 23ஆம் நாள் விடியற்காலையில் கனவைக் கனவென்று கண்டுகொண்டேன். அந்தச் சந்தோஷத்திலேயே விழிப்பு வந்துவிட்டது. விளக்கைப் போட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பேனா சரியாக எழுதவில்லை, உதறி உதறி எழுதினேன். நாலு வரி எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் முதல் வரி வேறாக இருந்தது. "தூக்கக் கலக்கத்தில் தப்பாக எழுதிவிட்டேன்" என்று அதை அடித்துத் திருத்தினேன். அப்புறம்தான் நிஜமாகவே விழித்தேன். நோட்டு அலமாரிக்குள் இருந்தது. அந்தத் திருத்தம்தான் இன்னும் உறுத்துகிறது. கனவில் ஓட்டை தெரிந்ததும் அதை அடைக்கச் சமாதானமும் மனமே தயாராக வைத்திருந்தது.

குமார்77:
எழுத்தை இரண்டு முறை படித்துப் பார்ப்பதும் கைவிரலை எண்ணுவதும் போதும், கனவு உடனே தெரிந்துவிடும். கனவிலிருக்கும்போதே கனவென்று அறிய முடியும் என்பதை ஸ்டான்ஃபோர்டில் லபெர்ஜ் என்ற ஆய்வாளர் தூங்குபவரின் கண்ணசைவை வைத்தே நிரூபித்தார். திபெத்தியர்கள் சொல்வதும் இதேதான், தாமரையெல்லாம் தேவையில்லை. நான் மூன்று முறை பறந்திருக்கிறேன்.

நித்யா:
குமார், அவர் இரண்டு முறை படித்தாரே! எழுத்தும் மாறியது. சோதனை சரியாகத்தான் வேலை செய்தது, அவர்தான் அதை நம்பவில்லை. பகலில் வாய் மட்டும் "கனவு" என்று சொல்லி, உள்ளே "சும்மா சொல்கிறேன்" என்று இருந்தால் இரவிலும் அப்படித்தான் ஆகும். கோபம் வரும் நேரத்தில் சொல்லிப் பாருங்கள், அப்போதுதான் உறைக்கும்.

பறப்பதோடு இது முடிவதுமில்லை. கனவில் தீ தெரிந்தால் அதற்குள் இறங்கச் சொல்வார்கள். எனக்கு ஒருமுறை அடுப்பு எரிவது வந்தது. கனவு என்று தெளிவாகத் தெரிந்தது. கையை நீட்டினேன், சூடு பட்டதும் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. ஆறு வருடமாகியும் அந்தக் கையை மறக்க முடியவில்லை. தெரிந்தது புத்திக்கு மட்டும்தான், பயத்துக்குத் தெரியவில்லை.

மலைப்பாதை, சந்தோஷத்தில் விழிப்பு வருவது எல்லோருக்கும் நடக்கும். அப்போது கவனத்தை உள்ளங்காலுக்கு இறக்குங்கள். தாமரையை அழுத்தி நினைத்தால் தூக்கமே வராது. அப்படியானால் லேசாக விட்டுவிடுங்கள். இரண்டு இரவு தூங்காமல் இதைப் பழகக் கூடாது.

செல்வி_மதுரை:
எனக்கு அமுக்குவான் வருகிறது. கண் திறந்திருக்கும், மார்பில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் பாரம், கத்த முடியாது. இதைக் கனவு என்று சொல்லிக்கொண்டால் போய்விடுமா?

மலைப்பாதை:
செல்வி, எனக்கு அது வந்ததில்லை, தெரிந்தவர்கள் சொல்லட்டும். நித்யா, ஒரு சந்தேகம். நேற்றும் விழித்ததும் நோட்டில் எழுதினேன். இரண்டு முறை படித்தேன், எழுத்து மாறவில்லை. ஆனால் அன்றைக்கும் எனக்கு இதே நிச்சயம்தான் இருந்தது. இந்த நிச்சயத்தை எதைக்கொண்டு சோதிப்பது?