எத்தனை டிக்கெட் விற்றால் கையைக் கடிக்காது?

ஹட்டன் உறுப்பினர்:
எங்கள் வாசகர் வட்டத்தின் இசை மாலைக்கு நான் பொருளாளர். மண்டப வாடகை, ஒலி அமைப்பு, கலைஞர்கள், சுவரொட்டி எல்லாம் சேர்ந்து 2 இலட்சம் ரூபாய். பத்துப் பேர் வந்தாலும் இந்தப் பணம் போய்த்தான் தீரும். டிக்கெட் 1,000 ரூபாய். வடை, ரோல்ஸ், தேநீர் என்று தலைக்கு 200 செலவாகும். ஆக, ஒரு டிக்கெட்டில் கையில் நிற்பது 800. 2 இலட்சத்தை 800ஆல் வகுத்தால் 250 பேர்.

அந்த நேரத்தில்தான் தலைவர் 40 இலவச அழைப்புகளின் பட்டியலை நீட்டினார். பணம் தராவிட்டாலும் அவர்களும் சாப்பிடுவார்கள், அதற்கு 8,000. இப்போது 260 டிக்கெட் விற்றாக வேண்டும். மண்டபத்தில் இருப்பதே 300 நாற்காலி. அதாவது ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்கக் கூடாது. ஜூன் மழையில் இதற்கு யார் உத்தரவாதம்? மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை என்று பட்டியலை 15 ஆகக் குறைக்க வைத்தேன். 254 டிக்கெட் போதும் என்றானது, 31 இருக்கைகள் மிச்சமாக நின்றன. அதன் பிறகுதான் டிக்கெட் அச்சடிக்கக் கொடுத்தோம்.

நுவரெலியா உறுப்பினர்:
இவ்வளவு சுற்றுவானேன் அண்ணா? 300 பேருக்கு மொத்தச் செலவு 2,60,000. தலைக்கு 867 ரூபாய்கூட ஆகவில்லை. 1,000 ரூபாய் டிக்கெட்டில் இலாபம்தானே?

ஹட்டன் உறுப்பினர்:
300 பேரும் பணம் கொடுத்து வந்தால் நீங்கள் சொல்வது சரி, தம்பி. 200 பேர்தான் வந்தார்கள் என்று வையுங்கள். மண்டபக்காரர் வாடகையைக் குறைப்பாரா? அந்த 2 இலட்சம் 200 பேர் தலையில் விழும். ஆளுக்கு 1,000, சாப்பாட்டோடு 1,200. டிக்கெட் விலையைத் தாண்டிவிட்டது. முதலில் எல்லா இருக்கையும் நிறையும் என்று எண்ணிக்கொண்டு வகுப்பதுதான் ஆபத்து.

பண்டாரவளை உறுப்பினர்:
எங்கள் நாடகத்துக்குத் தோட்டங்களிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். இரவில் திரும்பிப் போக பஸ் கிடையாது என்பதால் நாங்களே வாடகைக்குப் பிடிக்கிறோம், 50 இருக்கை, 15,000 ரூபாய். 51ஆவது ஆள் வந்தால் இன்னொரு பஸ். இதை மண்டப வாடகையோடு சேர்ப்பதா, தலைக்குச் செலவோடு சேர்ப்பதா?

ஹட்டன் உறுப்பினர்:
இரண்டிலும் அடங்காது அக்கா. அது படிப்படியாக ஏறும் செலவு. ஒரு டிக்கெட்டில் 800 மிஞ்சினால், இரண்டாவது பஸ்ஸுக்கு 19 பேராவது ஏற வேண்டும். ஐந்தாறு பேர்தான் என்றால் நட்டம். பஸ் இருக்கைக்கு முன்கூட்டியே பெயர் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதுளை உறுப்பினர்:
களியாட்ட வரியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். டிக்கெட்டின் விலையில் ஒரு வீதமாக உள்ளூராட்சி மன்றம் எடுப்பதால், அதை 2 இலட்சத்தோடு சேர்க்காமல் டிக்கெட்டிலிருந்தே கழிக்க வேண்டும். 5 வீதம் என்று வைத்தால் கையில் நிற்பது 750. 254 என்பது 271 ஆகிவிடும்.

ஹட்டன் உறுப்பினர்:
நியாயம்தான். 271உம் 15உம் 286, மண்டபம் தாங்கும். பழைய 40 பேர் பட்டியல் என்றால் 278 விற்க வேண்டும். அதற்கு நாற்காலியே இல்லை. இலவச அழைப்புக்கும் வரி கேட்கிறார்களா? கட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.