‘பொருட்டு’, ‘காரணத்தினால்’ எல்லாவற்றையும் வெட்டிய பிறகு மிஞ்சிய கேள்வி

கிணற்றடி

யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நீர் பற்றிய கொள்கை அறிக்கை ஒன்றைப் போன மாதம் திருத்தினேன். ஆங்கில வரைவில் பக்கத்துக்குப் பக்கம் ‘இன் ஓடர் டு’, ‘டியூ டு த ஃபக்ட் தட்’. தமிழ் வரைவிலும் அவையே ‘பொருட்டு’, ‘என்ற காரணத்தினால்’ என்று வந்து உட்கார்ந்திருந்தன. ஒரு வசனத்தை அப்படியே தருகிறேன்:

“யாழ் குடாநாட்டின் நிலத்தடி நீரானது சுண்ணாம்புக்கல் படுகையில் காணப்படுகின்றது என்ற காரணத்தினால், மாசடைதலைக் கட்டுப்படுத்தும் பொருட்டு மலசலகூடக் குழிகளுக்கும் கிணறுகளுக்கும் இடையிலான தூரத்தினைப் பேணுவது தொடர்பான நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட வேண்டிய தேவை காணப்படுகின்றது.”

24 சொற்கள். முதல் வெட்டில் 14 ஆனது: “நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் இருப்பதால், அது மாசடையாமல் இருக்க மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் போதிய தூரம் வேண்டும்.”

சரி, முடிந்தது என்று நினைத்தேன். திரும்ப வாசித்தபோதுதான் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. சுண்ணாம்புக்கல்லில் நீர் இருந்தால் ஏன் மாசடைய வேண்டும்? அந்தத் தூரத்தை யார் பார்ப்பது? ‘காரணத்தினால்’ என்ற சொல் இருந்ததால் காரணம் சொல்லப்பட்டுவிட்டது என்று நம்பியிருக்கிறேன். ‘மேற்கொள்ளப்பட வேண்டும்’ என்பது ஆளை மறைத்துவிட்டது. கடைசியில் இப்படி எழுதினேன்:

“சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் ஊடாகக் கழிவுநீர் வடிகட்டப்படாமலே கிணற்றுக்கு வந்துவிடும். ஆகவே வீட்டு வரைபடத்தை அனுமதிக்கும்போது குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தைப் பிரதேச சபை அளந்து பார்க்க வேண்டும்.”

20 சொற்கள். வெட்டியதில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது, ஆனால் வேறு சொற்களாக. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

தட்டச்சு அண்ணை

நான் இவ்வளவு யோசிப்பதில்லை. கணினியில் தேடி ஒரே அடியாக மாற்றிவிடுவேன். ‘இன் ஓடர் டு’ இருக்கும் இடமெல்லாம் ‘டு’. ‘டியூ டு த ஃபக்ட் தட்’ இருந்தால் ‘டியூ டு’. அரை மணித்தியாலத்தில் 40 பக்கம் முடிந்தது.

பழைய மொழிபெயர்ப்பாளர்

தம்பி, முதலாவது பெரும்பாலும் சரி. இரண்டாவது வசனத்தை உடைத்துவிடும். ‘டியூ டு’வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்தான் வரலாம். ‘கிணறுகள் ஆழம் குறைந்தவை’ என்று முழு வசனம் வந்தால் அங்கே ‘பிகோஸ்’ போட வேண்டும். இப்படி ஒரே அடியாக மாற்றிய ஒரு வரைவு என்னிடம் வந்தது. ஒவ்வொரு இடமாகப் போய்த் திருத்த இரண்டு நாள் எடுத்தது.

பிள்ளை கேட்டதற்கு வருகிறேன். நான் செயலகக் கடிதங்களோடு பல வருடம் இருந்தவன். வெட்டும்போது கை தவறும் இடம் ‘கருதப்படுகிறது’. “இக்கூட்டம் முக்கியமானதாகக் கருதப்படுகிறது” என்றால் அது வெறும் பஞ்சு, எடுத்துவிடலாம். “நைத்திரேற்று உரத்திலிருந்து வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது” என்பது அப்படியில்லை. உரமா மலக்குழியா என்று இன்னும் பிரித்து அறியவில்லை என்பதைச் சொல்வது அந்த ‘கலாம்’தான். சுருக்குகிறேன் என்று “நைத்திரேற்று உரத்திலிருந்து வருகிறது” என்று எழுதினால், பரிசோதனை சொல்லாததை அறிக்கை சொல்லிவிடும். அந்த வசனத்தில் ‘கருதப்படுகிறது’ போகட்டும், ‘கலாம்’ நிற்கட்டும்.

சட்டப் பிரிவை மேற்கோள் காட்டும் இடத்தில் மட்டும் ஒரு எழுத்தையும் தொடாதீர்கள், எவ்வளவு நீளமாக இருந்தாலும்.

வலிகாமத் தோட்டக்காரன்

கிணறு பற்றிய கதை என்று வந்தேன். எங்கள் தோட்டக் கிணறு ஆடி, ஆவணியில் உவர்க்கத் தொடங்கிவிடும். வெங்காயத்துக்கு இறைக்க முடியாது. அந்த அறிக்கையில் இதற்கு ஏதும் இருக்கிறதா?

கிணற்றடி

இருக்கிறது ஐயா. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்க்கும் என்பதால், “மிகை நீரிறைப்பினை மட்டுப்படுத்தும் பொருட்டு விழிப்புணர்வு நடவடிக்கைகள்” என்று ஒரு வரி.

வலிகாமத் தோட்டக்காரன்

மட்டுப்படுத்துவது என்றால் மோட்டரை எத்தனை மணிக்கு நிற்பாட்டச் சொல்கிறார்கள் பிள்ளை? பக்கத்துக் காணிக்காரனும் நிற்பாட்டுவானா? நான் மட்டும் நிற்பாட்டி என்ன, அடியிலே தண்ணீர் ஒன்றுதானே.

கிணற்றடி

அந்த வரியை நான் ‘பொருட்டு’வை எடுத்து, ‘மட்டுப்படுத்த’ என்று மாற்றியதோடு விட்டிருந்தேன். உங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை. குழு எந்த அளவையும் முடிவு செய்யவில்லை, நானாக ஒரு மணிக்கணக்கை எழுதவும் முடியாது. ஓரத்தில் “எவ்வளவு? யார்?” என்று குறித்து அனுப்புகிறேன்.

பழைய மொழிபெயர்ப்பாளர்

அனுப்புங்கள். பிரதேச சபை என்று எழுதிய வசனம் என்ன ஆனது?

கிணற்றடி

நேற்றுத் திரும்பி வந்தது. பிரதேச சபையை வெட்டி “உரிய அதிகாரிகளால்” என்று போட்டிருக்கிறார்கள். வெடிப்புகள் பற்றிய வசனத்தை விட்டிருக்கிறார்கள். நாளைக் கூட்டத்தில் மறுபடி கேட்கப் போகிறேன்.